படம் உண்மை, கதை பொய்: புலனத்தில் வரும் புகைப்படத்தின் பிறப்பிடத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

செராஸில் இருக்கும் என் பெரியம்மா ஒரு சனிக்கிழமை காலையில் அழைத்தார். "புலனத்துல ஒரு பிள்ளையோட படம் வந்திருக்கு. நம்ம செராஸ்லதான் ஆஸ்பத்திரியில இருக்குதாம். ஆப்பரேஷனுக்குப் பணம் பத்தலையாம். பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல. ஐம்பது வெள்ளி போடலாம்னு இருக்கேன். இந்த பேங்க் ஆப் திறக்க மாட்டேங்குது, நீ வந்து போட்டுக் கொடு" என்றார்.

படத்தை எனக்கும் அனுப்பச் சொன்னேன். நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன். மூக்கில் குழாய், இடது கன்னத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி. படத்தின் தலைப்பில் சிவப்பு எழுத்தில் "அவசரம்". கீழே "தமிழ்ப் பிள்ளை, தமிழர்கள் நாம் உதவாவிட்டால் யார் உதவுவார்?" என்ற வரியும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தன. தொலைபேசி எண் இல்லை. மருத்துவமனையின் பெயரும் இல்லை. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. ஒரு செய்தி ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறி வந்திருந்தால்தான் புலனம் அந்த இரட்டை அம்பைக் காட்டும். அதாவது இதை அனுப்பியவருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

"அரை மணி நேரம் பொறுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுத் தேட உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்தேன், எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் குழுக்களில் வரும் பெரும்பாலான படங்களை இதே வழியில்தான் சோதிக்க வேண்டியிருக்கும்.

முதல் தேடல் ஏன் தோற்றது?

சொற்களைத் தட்டச்சு செய்து தேடுவது நமக்குப் பழக்கம். சொற்களுக்குப் பதிலாகப் படத்தையே கொடுத்து, "இது இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது?" என்று கேட்கவும் முடியும். கைப்பேசியில் கூகுள் செயலியைத் திறந்தால், தேடல் பெட்டியின் ஓரத்தில் கேமரா வடிவில் ஒரு சின்னம் இருக்கும். அதுதான் கூகுள் லென்ஸ். அதைத் தொட்டு, கேலரியில் சேமித்து வைத்த படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணினியில் images.google.com பக்கத்திலும் அதே சின்னம் உண்டு.

நான் புலனப் படத்தை அப்படியே கொடுத்தேன். வந்தவை எல்லாம் சிவப்புத் தலைப்பு போட்ட வேறு வேறு விளம்பரத் தாள்கள். ஒன்றிலும் அந்தச் சிறுவன் இல்லை.

தவறு என்னுடையதுதான். தேடுபொறி சிறுவனை மட்டும் பார்க்கவில்லை. சிவப்புத் தலைப்பு, எழுத்துகள், கட்டம் என எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாகப் பார்த்தது. அதே போன்ற வடிவமைப்பு உள்ளவற்றைக் கொண்டு வந்து நிறுத்தியது. அதனால் தேடுவதற்கு முன் படத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கைப்பேசியின் கேலரியிலேயே வெட்டும் வசதி இருக்கிறது. எழுத்து, கரை, முத்திரை எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, புகைப்படம் மட்டும் மிஞ்சும்படி செய்தேன்.

இரண்டாவது தேடலில் சிறுவர்களின் படங்கள் வந்தன. ஆனால் அவர்கள் வேறு சிறுவர்கள். லென்ஸ் இயல்பாகவே "இதைப் போல இருப்பவை" எவை என்று காட்டும். நமக்கு வேண்டியது "இதுவே" எங்கே இருக்கிறது என்பது. முடிவுகளுக்கு மேலே Exact matches என்றொரு பகுதி இருக்கும். அதைத் தொட்டால், அதே படம் இடம்பெற்ற பக்கங்கள் மட்டும் வரும். அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது.

இந்தியாவில் மருத்துவ நிதி திரட்டும் ஒரு பக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. அதே சிறுவன்தானா என்று உறுதி செய்ய முகத்தைப் பார்ப்பதை விட, எளிதில் மாறாத சிறு சிறு விவரங்களைப் பார்ப்பது நல்லது. கன்னத்துப் பிளாஸ்திரியின் ஒரு மூலை மடிந்திருந்தது. இரண்டு படத்திலும் அதே மடிப்பு. போர்வையின் கோடுகள் அதே இடத்தில் அதே கோணத்தில் இருந்தன. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த படம் அகலமானது. வலப்பக்கம் ஒரு தாயின் கையும், சுவரில் இந்தியில் எழுதிய ஓர் அறிவிப்பும் தெரிந்தன. நமக்கு வந்த படத்தில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தது.

இது ஒரு முக்கியமான அடையாளம். வெட்டிய படத்தில் இல்லாத பகுதியை, அதைப் பிரதி எடுத்தவரால் மீண்டும் கொண்டு வர முடியாது. ஆகவே ஒரே படத்தின் இரண்டு வடிவங்கள் கிடைத்தால், எதில் கூடுதல் பகுதி தெரிகிறதோ, எது தெளிவாகவும் பெரிதாகவும் இருக்கிறதோ, அதுதான் மூலத்திற்கு நெருக்கமானது.

சிறுவன் உண்மை. அவனுடைய நோயும் உண்மை. அவனுக்குத் தேவையான தொகை கிடைத்து, அந்த நிதி திரட்டல் முடிந்துவிட்டது என்றும் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். செராஸ் என்பதும், அந்த வங்கிக் கணக்கும்தான் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை.

ஒரே படம், நான்கு கதைகள்

பழைய படத்துக்குப் புதுக் கதை ஒட்டுவது நம் குழுக்களில் மட்டும் நடப்பதில்லை. உலக அளவில் இதற்குப் பெயர் பெற்ற ஒரு படம் உண்டு. அதை நம்மில் பலரும் பார்த்திருப்போம்.

2015 ஏப்ரல் 25ஆம் தேதி நேப்பாளத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்த சில நாள்களில் ஒரு படம் முகநூலிலும் டுவிட்டரிலும் உலகைச் சுற்றியது. ஒரு சின்னஞ்சிறு பையன், பயந்து போன தன் தங்கையை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருக்கிறான். "நேப்பாள நிலநடுக்கத்தில் இரண்டு வயதுத் தங்கையைக் காக்கும் நான்கு வயது அண்ணன்" என்பது அதனுடன் வந்த வரி. நம் நாட்டில் நேப்பாளத் தொழிலாளர்கள் இல்லாத தொழிற்சாலைப் பகுதி ஏது? செராஸில் எத்தனையோ அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருப்பவர் நேப்பாளக்காரர். அந்த நாள்களில் அந்தப் படம் நம் மனத்தை உருக்கியதில் வியப்பில்லை. அந்தக் குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சிலர் முயன்றார்கள். அவர்களுக்காகப் பணம் கொடுக்கவும் முன்வந்தார்கள்.

இப்படி ஒரு படத்தைச் சோதிக்கும்போது முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது நிகழ்ச்சியின் தேதி. இங்கே அது 2015 ஏப்ரல் 25. அதற்கு ஒரு நாள் முன்னால் அந்தப் படம் இணையத்தில் எங்காவது இருந்திருந்தாலும் போதும், நேப்பாளக் கதை அங்கேயே உடைந்துவிடும். நிலநடுக்கம் வருவதற்கு முன் நிலநடுக்கத்தைப் படம் எடுக்க யாராலும் முடியாது.

பழைய பிரதிகளைத் தேட உதவும் ஒரு தளம் tineye.com. கூகுள் லென்ஸ் போல "ஒத்தவை" எவை என்று அது தேடுவதில்லை; வெட்டியிருந்தாலும் சிறிதாக்கியிருந்தாலும், அதே படத்தைத்தான் தேடும். முடிவுகளை வரிசைப்படுத்தும் இடத்தில் Oldest என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தளம் முதலில் கண்ட பிரதி மேலே வரும். ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: அங்கே காட்டப்படும் தேதி, அந்தத் தளத்தின் கண்ணில் அந்தப் பிரதி முதன்முதலில் பட்ட நாள். படம் எடுத்த நாள் அதற்கும் பல ஆண்டுகள் முந்தையதாக இருக்கலாம். "இந்தத் தேதிக்குள் படம் பிறந்துவிட்டது" என்று மட்டுமே அதிலிருந்து சொல்ல முடியும்.

நேப்பாளப் படம் என்று சொல்லப்பட்ட அந்தப் படத்துக்கு, நிலநடுக்கத்துக்கு முந்தைய பிரதிகள் ஏராளமாக இருந்தன. இங்கேதான் பலர் இன்னொரு குழியில் விழுகிறார்கள். அந்தப் பழைய பிரதிகளில் ஒன்று, அவர்களை பர்மாவின் அனாதைக் குழந்தைகள் என்றது. இன்னொன்று சிரியா உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்டவர்கள் என்றது. வியட்நாம் முகநூல் பக்கங்களில், தாய் இறந்து தந்தையால் கைவிடப்பட்ட குழந்தைகள் என்று ஒரு முழு நீளக் கதையே உலவியது. முதலில் கிடைத்த பழைய பிரதியோடு தேடலை நிறுத்திய ஒருவர், "இது நேப்பாளம் இல்லை, பர்மா" என்று குழுவில் போட்டிருப்பார். ஒரு பொய்யை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு பொய்யை வைத்திருப்பார்.

உண்மையில் அந்தப் படத்தை எடுத்தவர் நா சொன் ங்குயென் என்ற வியட்நாமியப் புகைப்படக் கலைஞர். 2007 அக்டோபரில், வியட்நாமின் வட எல்லையில் அப்போது இருந்த ஹா ஜியாங் மாநிலத்தின் கன் தி என்ற ஊரில் எடுத்தது. அவர் பிபிசியிடம் விளக்கியது இதுதான்: அவர் அந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது, வீட்டு வாசலில் இரண்டு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் வயலுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். முன்பின் தெரியாத ஆளைப் பார்த்ததும் சின்னவள் அழ, அண்ணன் அவளைக் கட்டிப்பிடித்துத் தேற்றினான். அந்த ஒரு கணத்தைத்தான் அவர் படம் பிடித்தார். அனாதைகளும் இல்லை, போரும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. தோட்டத்தில் அம்மா அப்பா வேலைக்குப் போய், அண்ணன் கையில் தங்கையை விட்டுச் சென்ற காலத்தைப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

அவர் அந்தப் படத்தைத் தன் சொந்த வலைப்பூவில்தான் போட்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்து அது கதைகளோடு உலவுவதைக் கண்டு, விளக்கம் கொடுத்துப் பார்த்தார். உரிமை கோரியும் பார்த்தார். பெரிதாகப் பலன் இல்லை. விளக்கத்தைவிடக் கதை வேகமாக ஓடியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று. பழைய பிரதி ஒன்று கிடைத்தால், வந்த கதை பொய் என்று சொல்லப் போதும். படம் உண்மையில் எதைக் காட்டுகிறது என்று சொல்ல அது போதாது. அதற்குப் படத்தை எடுத்தவரிடமோ, அவரிடமிருந்து நேரடியாக வாங்கி வெளியிட்ட செய்தி நிறுவனத்திடமோ போய்ச் சேர வேண்டும். எடுத்தவர் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால், மூலத்தை நெருங்கிவிட்டோம் என்று பொருள். "ஒரு நண்பர் அனுப்பியது" என்றிருந்தால், நடக்க இன்னும் தூரம் இருக்கிறது.

கண்ணாடியில் திருப்பிய படகு

மேலே சொன்ன படத்தில் யாரும் படத்தையே மாற்றவில்லை. கதையை மட்டும் மாற்றினார்கள். சில நேரம் படத்திலும் கை வைப்பார்கள். அதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு மியன்மாரில் இருந்து வந்தது. அதில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

2018 ஜூலையில் மியன்மார் ராணுவத்தின் மக்கள் தொடர்பு, உளவியல் போர்ப் பிரிவு ஒரு நூலை வெளியிட்டது. ரோஹிங்கியா மக்களை "வங்காளிகள்" என்றும் வந்தேறிகள் என்றும் காட்டுவது அதன் நோக்கம். அதில் வரலாற்றுப் படங்கள் என்று எட்டுப் படங்கள் இருந்தன. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள், கூகுள் படத் தேடலையும் மேலே சொன்ன டின்ஐ தளத்தையும் கொண்டே அவற்றைச் சோதித்தார்கள். அதாவது நம் கைப்பேசியிலும் இருக்கும் அதே கருவிகள்தான்.

ஒரு படத்தில், மிதக்கும் இரண்டு உடல்களின் அருகே ஒருவர் மண்வெட்டியைப் போன்ற கருவியுடன் நின்றார். உள்ளூர் மக்களை வங்காளிகள் கொன்றதைக் காட்டுவதாக நூல் சொன்னது. உண்மையில் அது 1971 வங்காளதேச விடுதலைப் போர்க் காலத்துப் படம், கொல்லப்பட்டவர்களே வங்காளிகள். இன்னொரு படத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மியன்மாருக்குள் நுழைந்தவர்கள் என்றது நூல். அது 1996இல் மார்த்தா ரியால் என்பவர் எடுத்த ருவாண்டா அகதிகளின் வண்ணப்படம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் போஸ்ட் கெஜட் நாளிதழுக்காக எடுத்து, புலிட்சர் பரிசு பெற்ற படம். பழைய காலத்துப் படம் போலத் தோன்ற அதைக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள்.

மூன்றாவதுதான் நம்மைத் தொடுவது. ஒரு படகு நிறைய மனிதர்கள். அவர்கள் நீர்வழியாக மியன்மாருக்குள் நுழைகிறார்கள் என்றது நூல். மூலப்படம் 2015இல் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு பல்லாயிரம் பேர் தாய்லாந்தையும் மலேசியாவையும் நோக்கிக் கடலில் தப்பி ஓடினார்கள். படகில் இருந்தவர்கள் நாட்டுக்குள் வரவில்லை, நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நூலில் அந்தப் படம் இடம் வலமாகத் திருப்பப்பட்டு, மங்கலாக்கப்பட்டிருந்தது. வெளியேறியவர்களை நுழைகிறவர்களாக மாற்ற இவ்வளவுதான் தேவைப்பட்டது. அப்படிக் கடல் கடந்து வந்தவர்களில் பலர் இன்று நம் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் குழுக்களில் வரும் படங்களை நினைத்துப் பார்த்தால், இது எங்கோ நடந்த கதை என்று ஒதுக்க முடியாது.

ராய்ட்டர்ஸ் இதை வெளிப்படுத்திய சில நாள்களில், 2018 செப்டம்பர் தொடக்கத்தில், அந்த ராணுவமே தன் நாளிதழில் இரண்டு படங்கள் தவறாக அச்சாகிவிட்டதாக மன்னிப்புக் கேட்டது.

கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிய படத்தைச் சில நேரம் தேடுபொறிகள் அடையாளம் காணத் தவறும். அதனால் ஒரு படத்துக்கு விடை கிடைக்காவிட்டால், கேலரியில் அதை இடம் வலமாகத் திருப்பி மீண்டும் ஒரு முறை தேட வேண்டும். திருப்பியிருக்கிறார்களா என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கடைப் பலகையின் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். நம் நாட்டுக் கார் என்றால் ஸ்டீயரிங் இடப்பக்கம் போயிருக்கும். சட்டைப் பொத்தானும் பையும் பக்கம் மாறியிருக்கும். காணொளி வந்தாலும் இதே வழிதான்: முகமோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் படமாகத் தேட வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் எடுத்துத் தேடினால் வாய்ப்பு கூடும்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்?

அந்த நூலைப் பற்றிய ராய்ட்டர்ஸ் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவர்கள் கண்டுபிடித்தது இல்லை; கண்டுபிடிக்க முடியாமல் போனதை ஒப்புக்கொண்டது. எட்டில் மூன்று பொய். மீதி ஐந்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். மூன்று பொய் என்பதால் ஐந்தும் பொய் என்று அவர்கள் முடிவு கட்டவில்லை.

நாமும் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். "தேடிப் பார்த்தேன், வேறு எங்கும் இல்லை, அப்படியானால் புதுப் படம், உண்மைதான்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தேடுபொறி, பொதுவெளியில் உள்ள இணையப் பக்கங்களை மட்டும்தான் பார்க்கும். புலனக் குழுக்களுக்குள்ளோ, பூட்டி வைத்த முகநூல் கணக்குகளுக்குள்ளோ அதனால் எட்டிப் பார்க்க முடியாது. பத்து ஆண்டுகளாகக் குழு குழுவாகச் சுற்றும் படம்கூட அதன் கண்ணில் படாமல் இருக்கலாம். விடை இல்லை என்றால், இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

படக் கோப்புக்குள்ளேயே எடுத்த நாளும் இடமும் பதிந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். கேமராவில் இருந்து நேரடியாக வந்த கோப்பில் அது இருக்கும். புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் அந்த விவரங்கள் நீக்கப்பட்டுவிடும். ஆகவே நமக்கு வரும் படத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

படத்தில் விடை இல்லாதபோது, செய்தியின் மற்றப் பகுதிகளைச் சோதிக்கலாம். நாட்டில் பரவலாகச் சுற்றும் விஷயம் என்றால், தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய sebenarnya.my தளத்தில் ஏற்கெனவே விளக்கம் வந்திருக்கலாம். வங்கிக் கணக்கு எண் இருந்தால், போலீஸ் துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அந்தக் கணக்கின் மீது மோசடிப் புகார்கள் வந்திருக்கின்றனவா என்று அது காட்டும்.

பெரியம்மாவுக்கு வந்த கணக்கு எண்ணையும் அதில் போட்டுப் பார்த்தேன். புகார் ஏதும் இல்லை என்று வந்தது. படம் திருடியது என்று ஏற்கெனவே தெரிந்திருந்ததால் நான் ஏமாறவில்லை. அதை மட்டும் பார்த்திருந்தால், "கணக்கு சுத்தம்" என்று சொல்லிப் பணத்தை அனுப்பியிருப்பேன். புகார் இல்லை என்றால் இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். புதிதாகத் திறந்த கணக்குக்கு முதல் நாளில் எங்கிருந்து புகார் வரும்? படத் தேடலுக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும்.

குழுவில் எப்படிச் சொல்வது?

தேடி முடித்த பிறகு இன்னொரு வேலை இருந்தது. அந்தப் படத்தைப் பெரியம்மாவின் குழுவில் போட்டவர் கோவில் காரியங்களில் முன்னால் நிற்கும் ஓர் அண்ணன். அவர் நல்ல மனத்தோடுதான் போட்டிருந்தார். "பொய்ச் செய்தி பரப்பாதீர்கள்" என்று எல்லார் முன்னிலையிலும் எழுதியிருந்தால், அவர் தலைகுனிந்திருப்பார். அடுத்த முறை என் விளக்கத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். மூலப் பக்கத்தின் இணைப்பு, அதில் உள்ள தேதி, இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். மடிந்த பிளாஸ்திரியை வட்டமிட்டுக் காட்டினேன். பத்து நிமிடத்தில் அவரே குழுவில் எழுதினார்: "இந்தப் படம் பழையது, வெளிநாட்டுப் பிள்ளை, யாரும் பணம் போட வேண்டாம். யாராவது போட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்." இரண்டு பேர் ஏற்கெனவே போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்கச் சொன்னோம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் சொன்னால்தான் அதை நிறுத்த வழி உண்டு. இதில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு.

விளக்கத்தை அனுப்பும்போது இன்னொரு கவனம் தேவை. பொய்ப் படத்தை அப்படியே மறுபடி அனுப்பி, கீழே "இது பொய்" என்று எழுதினால், அடுத்தவர் படத்தை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார். படத்தின் குறுக்கே பெரிதாக "பழைய படம்" என்று எழுதி அனுப்புவது பாதுகாப்பானது. கைப்பேசியின் கேலரியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. குழந்தையின் முகத்தையும் மறைத்துவிடுவது நல்லது. அந்தச் சிறுவன் இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன். அவன் முகம் இன்னும் எத்தனை நாட்டில் எத்தனை கணக்கு எண்ணுக்கு மேல் ஒட்டப்பட்டிருக்கிறதோ.

அன்று மாலை பெரியம்மா மறுபடி அழைத்தார். "அப்போ அந்த ஐம்பது வெள்ளிய என்ன செய்யறது? கொடுக்கணும்னு எடுத்து வச்சிட்டேனே" என்றார். அவர் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார். படம் தேவையில்லை, கதவைத் தட்டினால் ஆளையே பார்க்கலாம். பணம் அங்கே போனது.